சுவரில் ஏன் மூன்றடி டைல்ஸ்? அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுதிக் கேளுங்கள்

வாசகியின் கடிதம்

வணக்கம் சார். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். குழித்துறையாற்றிலிருந்து கொஞ்ச தூரத்தில் 9 சென்ட் விளையும் அதில் 14 வருடப் பழைய வார்ப்பு வீடும் 58 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். திங்கட்கிழமை 5 லட்சம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

மூன்று முறை போய்ப் பார்த்தேன். ஹாலிலும் கீழ் அறைகள் இரண்டிலும் சுவரில் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா, "இருபத்தொண்ணுல இங்க முட்டுக்கு மேல தண்ணி கிடந்துல்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரரிடம் கேட்டால், "முற்றம் வரைக்கும் வந்தது, அவ்வளவுதான்" என்கிறார். எழுதித் தருவாரா என்று தரகரிடம் கேட்டேன். "நம்ம ஊர்ல அப்படி வழக்கமில்லை, எழுதிக் கேட்டா வேற பார்ட்டிக்குக் கொடுத்துடுவாரு. கிரய ஆதாரத்துல உள்ளது உள்ளபடின்னுதான் போடுவோம்" என்கிறார்.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை, அங்கே விற்பவரே ஒரு படிவத்தில் எல்லாம் எழுதித் தருவார் என்கிறாள். வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டோம், சுத்தமாக இருக்கிறது. மறைத்து விற்றால் சட்டப்படி பணத்தைத் திரும்ப வாங்கலாம், ஐந்து வருடம் கேரண்டி உண்டு என்று கணவர் தைரியம் சொல்கிறார். கொடுத்துவிடலாமா சார்?

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

திங்கட்கிழமை கொடுக்க வேண்டாம். ஒரு பத்து நாள் தள்ளி வையுங்கள். வீட்டை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விசாரித்த பிறகு அதே வீட்டை நீங்கள் மனநிறைவோடு வாங்கவும் கூடும். ஆனால் இன்றைய நிலையில் அட்வான்ஸ் கொடுத்தால், சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதியை நீங்களே கைவிட்டதாக ஆகிவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவில் விற்பவரின் கடமைகள் வரிசையாக இருக்கின்றன. சொத்தில் முக்கியமான குறை ஏதாவது இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. நூற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் சட்டம் இது. வழக்கமில்லை என்று தரகர் சொல்வது எழுதித் தரும் பழக்கத்தைப் பற்றித்தான். சொல்ல வேண்டிய கடமை இல்லாமல் போய்விடவில்லை.

ஆனால் அந்த வாசகத்தில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் வாங்குபவர் தாமே கண்டுபிடிக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும். நீங்கள் சறுக்கக்கூடிய இடம் இதுதான். மூன்று முறை போனீர்கள். டைல்ஸைப் பார்த்தீர்கள், பிளக் பாயிண்டைக் கவனித்தீர்கள், பக்கத்து வீட்டு அம்மா தண்ணீர் முட்டுக்கு மேல் கிடந்தது என்றே சொல்லிவிட்டார். நாளைக்கு நீங்கள் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கப்போவது இவற்றைத்தான். "இவ்வளவும் பார்த்தீர்கள் அல்லவா? சந்தேகம் வந்தது அல்லவா? பிறகு ஏன் வாங்கினீர்கள்?" சட்டத்தின் இந்தப் பாதுகாப்பு ஒன்றும் தெரியாமல் ஏமாந்தவருக்கானது. நீங்களோ பாதி தெரிந்தவர். பாதி தெரிந்துகொண்டு பேசாமல் வாங்குவதுதான் இருப்பதிலேயே பலவீனமான நிலை.

எழுதிக் கேட்பதால் என்ன மாறும்?

அதே 55-ஆம் பிரிவில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி உண்டு. சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான எல்லாக் கேள்விகளுக்கும் விற்பவர் தமக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆகவே எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவும் இல்லை, வெளிநாட்டுப் பழக்கமும் இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே உள்ள உரிமையைத்தான் பயன்படுத்துகிறீர்கள்.

உங்கள் தங்கை சொல்வதும் உண்மைதான். இங்கிலாந்தில் விற்பவர் வழக்கமாக நிரப்பித் தரும் சொத்துத் தகவல் படிவத்தில் வெள்ளத்துக்கென்றே தனிக் கேள்வி இருக்கிறது. ஆனால் அங்கே சட்டத்தின் அடிப்படை நமக்கு நேர் எதிர். கட்டடத்தின் குறைகளைத் தாமாக முன்வந்து சொல்லும் பொதுக் கடமை அங்கே விற்பவருக்கு இல்லை, வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் படிவமும் அதில் எழுதும் பதிலும் அங்கே உயிராக இருக்கின்றன. நமக்கோ சட்டத்தில் கடமை இருக்கிறது, படிவம்தான் இல்லை. அந்தப் படிவத்தை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்.

பதில் எழுத்தில் வந்துவிட்டால் சட்ட நிலையே மாறுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விற்பவர் பேசாமல் இருந்ததால் நீங்கள் ஏமாந்திருந்தாலும், கொஞ்சம் முயன்றிருந்தால் உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருந்தது என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க முடியாது. ஆனால் இந்த விதிவிலக்கு மௌனத்துக்கும், பொய் என்று தெரியாமல் சொன்ன தவறான தகவலுக்கும்தான். "2021 நவம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை" என்று தெரிந்தே ஒருவர் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது 17-ஆம் பிரிவு சொல்லும் நேரடியான மோசடி. அப்போது "நீ விசாரித்திருக்கலாமே" என்ற தற்காப்பு அவருக்குக் கிடைப்பது கடினம். மௌனமாக இருந்தவரைப் பேச வைக்கிறது என்பதுதான் கேள்விக் கடிதத்தின் பலம்.

பழையாற்றுப் பக்கம் வீடு வாங்கிய ஒருவருக்கு நான் வழக்கு நடத்தினேன். கீழ்ப்பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்ததைப் பார்த்து அவர் காரணம் கேட்டிருக்கிறார். "சின்ன ஈரப்பதம், சரி பண்ணியாச்சு" என்று பதில் வந்தது. எல்லாம் வாய்ப்பேச்சு. வாங்கிய இரண்டாவது மழைக்காலத்தில் ஹாலில் தண்ணீர் நின்றது. வழக்கில் விற்றவர் என்ன சொன்னார் தெரியுமா? "வெள்ளம் வரும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன், அதற்காகத்தான் விலையில் இரண்டு லட்சம் குறைத்தேன்." உண்மையில் விலை குறைந்தது வேறு காரணத்துக்கு. சொன்னாரா, சொல்லவில்லையா என்பதை நிரூபிக்க இரண்டு பக்கமும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. நான்கு ஆண்டு அலைந்து, கேட்டதில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போனார். அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறார்.

விற்றவர் உண்மையிலேயே சொல்லியிருந்தால் அவருக்கும் அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று பாருங்கள். எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் தப்பியிருப்பார். உங்கள் வீட்டுக்காரரிடம் பேசும்போது இந்தப் பக்கத்தைச் சொல்லுங்கள். "அண்ணே, விலையைக் குறைக்கிறதுக்காகக் கேக்கல்ல. நீங்க சொன்னதை எழுத்துல வச்சுக்கிட்டா நாளைக்கு நானும் மாத்திப் பேச முடியாது, உங்களுக்கும் நிம்மதி" என்று நேரில் சொன்னால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள். தரகர் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். கமிஷன் எதிர்பார்ப்பவர் நடுவில் நின்றால் கேள்வியும் மழுங்கும், பதிலும் மழுங்கும்.

கேள்வியை எப்படி எழுதுவது

"வீட்டில் ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும், அந்த "இல்லை"யால் பயனும் இல்லை. நாள், இடம், அளவு மூன்றும் கேள்வியிலேயே இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்தால் இப்படி எழுதுவேன்:

1. 2021 நவம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பர் 17, 18 மழையின்போதும் இந்த வீட்டின் தரைமட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறியதா? ஏறியது என்றால் ஹாலில் எத்தனை அடி, எத்தனை நாள் நின்றது? இவை தவிர வேறு எந்த ஆண்டாவது ஏறியதுண்டா?

2. ஹாலிலும் கீழ் அறைகளிலும் மூன்றடி டைல்ஸ் எந்த மாதம், எந்த ஆண்டு ஒட்டப்பட்டது? என்ன காரணத்துக்காக? ஒட்டும் முன் பழைய பூச்சை உடைத்து எடுத்தார்களா, அதன் மேலேயே ஒட்டினார்களா?

3. பிளக் பாயிண்டுகள் எப்போது உயர்த்தப்பட்டன? சுவருக்குள் இருக்கும் வயர் அப்போது மாற்றப்பட்டதா?

4. வெள்ளத்துக்குப் பிறகு கிணறு, செப்டிக் டேங்க், அஸ்திவாரம், மதில் ஆகியவற்றில் செய்த வேலைகள் என்ன? யார் செய்தார்கள்? பில் இருந்தால் நகல் தரவும்.

5. இப்போது உங்களுக்குத் தெரிந்து சரிசெய்யப்படாமல் இருக்கும் குறை எது?

6. இந்த 9 சென்ட் முழுவதும் முன்பிருந்தே விளையா, அல்லது எந்தப் பகுதியாவது வயலாகவோ ஏலாவின் ஓரமாகவோ இருந்து மண்ணடித்து உயர்த்தியதா?

ஆறாவது கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லாதது. ஆனால் நம் மாவட்டத்தில் இதை விட்டுவிட்டு வெள்ளத்தைப் பற்றி விசாரிக்க முடியாது. வயலை நிரப்பிய மனையில் வீடு இருந்தால், ஆறு பெருகாத ஆண்டிலும் குளத்து மறுகால் தண்ணீர் பழைய வழியைத் தேடி வரும். நிரப்பிய மண் ஒரே சீராக இறுகாமல் போனால் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். முன் ஆதாரத்தில் வகைப்பாடு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேளுங்கள்.

முதல் கேள்வியில் "தரைமட்டத்துக்கு மேல்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். "முற்றம் வரை வந்தது" என்று அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மா சொன்ன முட்டளவுத் தண்ணீர் அவர் வீட்டு முற்றத்திலோ வழியிலோ நின்றதாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டின் தரை அதைவிட இரண்டடி உயரமாக இருந்தால் இருவர் சொன்னதும் உண்மைதான். அளவைக் கேட்காதவரை இது தெரியாது.

வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாரா என்றும் கேளுங்கள். சட்டம் விற்பவரைப் பிடிப்பது அவருக்குத் தெரிந்த விஷயத்தில் மட்டும்தான். "அப்போது குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது" என்று அவர் எழுதினால் அது ஒரு பதில்தான், ஆனால் அதை வைத்து அவரைப் பிடிக்க முடியாது. அப்படி எழுதினால் அந்த வாடகைதாரரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். வெள்ளத்தில் கட்டிலைத் தூக்கி வைத்தவருக்கு வருடமும் அளவும் மறக்காது.

பதிலை அவர் கையாலேயே எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாட்ஸ்அப்பில் கேள்வியை அனுப்பி அதிலேயே பதில் வாங்கலாம். அதுவும் சாட்சியம்தான், ஆனால் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சட்டம் கேட்கும் சான்றையும் சேர்க்க வேண்டும். அதனால் அந்த போனையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். போனில் பேசி முடித்தால், "இன்று நீங்கள் சொன்னது இது" என்று உடனே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

அவர் எழுதியதை வீட்டிடம் கேட்டுப் பாருங்கள்

மூன்றடி டைல்ஸ் என்றாலே வெள்ளம் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். குழந்தைகள் கை வைத்தாலும் துடைக்கச் சுலபம் என்று ஹாலில் ஒட்டுபவர்கள் உண்டு. அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறும் சுவரை மறைக்கவும் ஒட்டுவார்கள். அந்த ஈரமும் ஏறக்குறைய மூன்றடி வரை ஏறக்கூடியதுதான். ஆனால் டைல்ஸும் இடுப்பு உயர பிளக் பாயிண்டும் ஒரே அறையில் சேர்ந்திருக்கும்போது எனக்கு வெள்ளத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம். பிளக்கை யாரும் அழகுக்காக உயர்த்துவதில்லை.

ஒரு நல்ல கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு நான்காவது முறை போங்கள். டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்த்தால், பின்னால் பூச்சு விட்டிருக்கும் இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்கும். டைல்ஸுக்கு மேல் ஓரத்தில் பெயிண்ட் உப்பியிருந்தாலோ வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அயினியோ பலாவோ, கதவு நிலையின் அடிப்பகுதியை ஆணியால் மெல்லக் குத்திப் பாருங்கள். வீட்டுக்காரர் சம்மதத்தோடு மெயினை அணைத்துவிட்டு, தரையோடு விட்டுவைத்த பழைய பிளக் பெட்டி ஏதாவது இருந்தால் திறக்கச் சொல்லுங்கள். ஆற்றுத் தண்ணீர் ஏறிய பெட்டியின் மூலையில் மென்மையான வண்டல் படிந்திருக்கும். அதை யாரும் துடைப்பதில்லை. வீட்டுக்குள் பெயிண்ட் அடித்தவர்கள் மதிலின் பின்பக்கத்தையும் கிணற்றுச் சுவரையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தண்ணீர் நின்ற கோடு அங்கே இருக்கும். அந்தக் கோட்டிலிருந்து வீட்டின் தரைமட்டத்துக்கு ஒரு கயிறும் நீர்மட்டக் குழாயும் வைத்துப் பிடித்தால் ஹாலில் எத்தனை அங்குலம் ஏறியிருக்கும் என்று கொத்தனாரே சொல்லிவிடுவார்.

வில்லங்கச் சான்றிதழை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். அதில் வருவது பதிவான கிரயம், அடமானம், பாகப்பிரிவினை போன்றவை மட்டும்தான். வெள்ளத்துக்கு அதில் இடமில்லை. அந்தப் பகுதி வெள்ளம் பாதிக்கும் இடமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மனுப் போடலாம், பதிலுக்கு 30 நாள் வரை ஆகும். உங்கள் அவசரத்துக்கு அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டில் உட்கார்ந்து பேசுவதே விரைவான வழி. பக்கத்து வீட்டு அம்மாவிடம் மறுபடியும் போங்கள். இந்த முறை வீட்டுக்காரரோ தரகரோ கூட இல்லாமல் போங்கள்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியதும் நீக்க வேண்டியதும்

கேள்வி பதில் தாள் தனியாகக் கிடந்தால் பாதிப் பலம்தான். அட்வான்ஸ் கொடுக்கும்போது எழுதும் கிரய ஒப்பந்தத்தோடு அதை இணைப்பாகச் சேர்த்து, "இதிலுள்ள பதில்களை நம்பியே வாங்குபவர் முன்பணம் கொடுக்கிறார். இவற்றில் ஏதேனும் உண்மைக்கு மாறானது எனத் தெரியவந்தால் வாங்குபவர் விலகிக்கொண்டு முன்பணம் முழுவதையும் திரும்பப் பெறலாம்" என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கும் பழைய பழக்கம் இப்போது உதவாது. இறுதி ஆதாரம் எழுதும்போதும் அந்தத் தாளை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஆதாரம் வந்ததும் ஒப்பந்தம் முடிந்துபோனது என்று வாதிடுவார்கள்.

தரகர் சொன்ன "உள்ளது உள்ளபடி" வாசகம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. விற்பவரின் கடமைகளைச் சொல்லும் 55-ஆம் பிரிவு, அதற்கு மாறான ஒப்பந்தம் இல்லாதபோது என்றுதான் தொடங்குகிறது. "சொத்தை நேரில் பார்த்துப் பரிசோதித்துத் திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று நீங்கள் கையெழுத்திட்டால், மாறான ஒப்பந்தம் இதுதான் என்று எதிர்த்தரப்பு அதையே தூக்கிக் காட்டும். திட்டமிட்ட மோசடியை இப்படி ஒரு வாசகம் மூடிவிடாது. ஆனாலும் உங்கள் வழக்கை அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால், "இணைப்பில் விற்பவர் தெரிவித்துள்ள குறைகளுக்கு உட்பட்டு" என்று முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடக் கேரண்டி பற்றி: அது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் வரும் கட்டுமான நிறுவனங்களுக்கு உள்ள பொறுப்பு. தாம் குடியிருந்த பழைய வீட்டை விற்கும் தனிமனிதருக்கு அது பொருந்தாது. உங்களுக்கு அப்படி ஒரு கேரண்டி இல்லை என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

"பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஆதாரம் முடியும் முன் உண்மை தெரிந்து நீங்கள் நியாயமாக விலகினால் முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அந்தப் பணத்துக்கு அந்தச் சொத்தே பிணையாக நிற்கும் உரிமைப் பொறுப்பும் உங்களுக்கு உண்டு. ஆதாரம் முடிந்த பிறகு ரத்து கேட்பது வேறு கதை. உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், முயன்றால் எப்போதே தெரிந்திருக்கும் என்று அந்த நாளைப் பற்றியே ஒரு சண்டை வரும். தெரிந்த பிறகும் அதே வீட்டில் இருந்துகொண்டு மாடி எடுத்தால் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்பார்கள். அவ்வளவையும் கடந்து தீர்ப்பு வாங்கினாலும் 58 லட்சத்தைச் செலவழித்துவிட்ட ஒருவரிடமிருந்து வசூல் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், கேள்விக் கடிதத்தின் முதல் பயன் வழக்கு அல்ல, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உண்மை தெரிவதுதான்.

பதில் வந்த பிறகு

"2021-இல் ஹாலில் ஒன்றரை அடி, இரண்டு நாள் நின்றது. பூச்சை உடைத்துப் பூசி, வயர் மாற்றி, டைல்ஸ் ஒட்டினேன்" என்று அவர் நேர்மையாக எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். பயந்து ஓட வேண்டாம், அவரை ஒருவகையில் நம்பலாம். அதன் பிறகு குறையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பூச்சு, வயர், செப்டிக் டேங்க் எல்லாம் பணம் போட்டால் சரியாகும். கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கி விலையில் கழித்துக் கேளுங்கள். மனை தாழ்வாக இருப்பதைப் பூச்சு மாற்றாது. ஆறு பெருகினால் மறுபடியும் தண்ணீர் வரும், அன்றைக்குக் கணவர் ஊரில் இருக்க மாட்டார், நீங்கள்தான் பிள்ளைகளோடு மேலே ஏற வேண்டும். அந்த வீட்டில் ஏறி நிற்க மாடி இருக்கிறதா, வழி முதலில் மூழ்குமா வீடு முதலில் மூழ்குமா என்று பாருங்கள். இன்னொன்றும் யோசியுங்கள். இன்று எழுத்தில் தெரிந்துகொண்டதை, பத்து வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது உங்களிடம் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு வரும். அப்போதைய விலையையும் சேர்த்து இன்றைய விலையைப் பேசுங்கள்.

"இல்லவே இல்லை" என்று எழுதி, மதிலின் பின்பக்கக் கோடு வேறு கதை சொன்னால் விட்டுவிடுங்கள். கையில் பொய் சாட்சியமாக இருக்கிறது, வாங்கிவிட்டு வழக்குப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். பொய் என்று தெரிந்துகொண்டே வாங்கியவர், ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது.

எழுதவே மறுத்தால்? சிலர் நேர்மையாக இருந்தும் கையெழுத்து என்றால் பயப்படுவார்கள். அப்போது கேள்விகளை ஒப்பந்தத்துக்குள் உறுதிமொழியாக மாற்றச் சொல்லிப் பாருங்கள். தாளில் எழுத மறுத்தவர் ஒப்பந்தத்தின் ஒரு பத்தியாக இருந்தால் சம்மதிப்பதுண்டு. அதற்கும் மறுத்து, டைல்ஸுக்கும் காரணம் சொல்லாவிட்டால், வேறு பார்ட்டிக்கே அவர் கொடுக்கட்டும்.

ஒப்பந்தம் உங்கள் பெயரிலா, கணவர் பெயரிலா, இருவர் பெயரிலுமா என்று கடிதத்தில் இல்லை. யார் பெயரில் வாங்குகிறீர்களோ அவர் பெயரிலேயே கேள்விக் கடிதமும் போக வேண்டும். வீட்டுக்காரர் பவர் கொடுத்து வேறொருவர் கையெழுத்திடுவதாக இருந்தால், பதில் பவர் ஏஜென்டிடமிருந்து மட்டும் போதாது, உரிமையாளரிடமிருந்தும் வாங்குங்கள். இந்த வாரமே கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக நகலில் ஒரு கையெழுத்து வாங்கிவையுங்கள்.